வலைப்பூவுக்கும் வீடியோ சேனலுக்கும் பெயர் வைப்பது: நாளைக்குத் தலைப்பு விரிந்தாலும் தாங்கும் பெயர் எது?

இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டுதான்: மாடித்தோட்டம். குரோ பேக்கில் நாலு தக்காளிச் செடி வைத்துத் தொடங்குகிறவர்கள் ஓராண்டுக்குள் உரம், சமையல், விதைச் சேகரிப்பு, பறவைகள் என்று நகர்வது இயல்பு. பெயர் அந்த நகர்வுக்கு இடம் கொடுக்கிறதா, இல்லை குறுக்கே நிற்கிறதா என்பதுதான் இங்கே பேசப்படுவது. சொல்லியிருக்கும் பெயர்கள் விளக்கத்துக்காக மட்டுமே. அவற்றில் சிலவற்றை ஏற்கனவே யாராவது வைத்திருக்கலாம்.

தோட்ட வீடியோதான் போடப்போகிறேன். பெயரில் "தோட்டம்" என்று இருந்தால்தானே தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள்?

தேடுகிறவர் சேனலைத் தேடுவதில்லை. "தக்காளி இலை சுருட்டல் என்ன செய்வது" என்று தேடுகிறார். அதற்குப் பதிலாக வந்து நிற்பது வீடியோவின் தலைப்பும் விவரக்குறிப்பும்தான். அந்த நேரத்தில் சேனலின் பெயர் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் ஓரமாக இருக்கும். ஆகவே "தோட்டம்", "குரோ பேக்", "மண்புழு உரம்" போன்ற சொற்களுக்கான இடம் ஒவ்வொரு வீடியோவின் தலைப்பும், சேனலின் அறிமுக வரியும்.

பெயரின் வேலை இரண்டாவது முறை தொடங்குகிறது. ஏற்கனவே ஒரு வீடியோ பார்த்தவருக்கு உங்களுடைய இன்னொன்று முன்னால் வருகிறது. "ஓ, இவங்களா" என்று அவர் அடையாளம் காண்பது பெயராலும் வட்டப் படத்தாலும்தான். பெயர் "தக்காளி மாடி" என்றிருந்து, வீடியோ பிரண்டைத் துவையலைப் பற்றியது என்றால், பார்ப்பவர் வேறு யாரோ என்று நினைத்துக் கடந்துபோவார். குறுகிய பெயரால் வரும் நட்டம் பெரும்பாலும் இதுதான். தொடக்கத்தில் அது தெரியவே தெரியாது. முதல் புதுத் தலைப்பைப் போடும் நாளில்தான் தெரியும்.

அப்படியானால் எதையும் குறிக்காத பொதுப்பெயர்தான் நல்லதா?

இல்லை. "என் உலகம்", "நம்ம சேனல்" மாதிரிப் பெயர்கள் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். ஆனால் ஒருவர் மனத்திலும் ஒட்டாது. பெயர் எவ்வளவு தூரம் விரிய வேண்டும் என்பதற்கு அளவு ஒன்று உண்டு: உங்கள் பொழுதுபோக்கின் அண்டைத் தலைப்புகள் வரைக்கும். அதற்கு மேல் விரித்தால் பெயரின் பிடி தளர்ந்துவிடும்.

அண்டைத் தலைப்புகளைக் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் வேலைக்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது, அதே இடத்தில் வேறு என்ன நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மாடித்தோட்டத்துக்கு முன்னால் விதையும் மண்கலவையும் சமையலறைக் கழிவில் செய்யும் உரமும் இருக்கின்றன. பின்னால் அறுவடை, சமையல், வற்றல். அதே மாடியில் மழைநீர்க் குழாய், சூரிய மின்தகடு, புறா, பட்டாம்பூச்சி. இதில் நீங்கள் உண்மையாகவே செய்ய விரும்பும் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நினைத்திருக்கும் பெயரை ஒவ்வொன்றின் முன்னாலும் வைத்துத் தலைப்பாக எழுதுங்கள்.

"மாடித்தோட்டம் 100 தொட்டி" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். "மாடித்தோட்டம் 100 தொட்டி: குரோ பேக்கில் வெண்டை" சரியாக இருக்கிறது. "மாடித்தோட்டம் 100 தொட்டி: மோர் மிளகாய் போடுவது எப்படி" என்றதும் இடறுகிறது. தொட்டி 150 ஆனால் பெயரே பொய்யாகிவிடும்.

இப்போது "மாடி வெயில்" என்று வைத்துப் பாருங்கள். "மாடி வெயில்: குரோ பேக்கில் வெண்டை", "மாடி வெயில்: மோர் மிளகாய்", "மாடி வெயில்: கூழ் வடகம்", "மாடி வெயில்: சூரிய மின்தகட்டைச் சுத்தம் செய்வது", "மாடி வெயில்: பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி". ஐந்தும் நிற்கின்றன. வீட்டுக்குள் நிழலில் வளரும் செடிகளைப் பற்றிப் போட்டால் கொஞ்சம் முரணாக இருக்கும், ஆனாலும் ஓடிவிடும். கம்பளிப் பின்னலுக்குப் போனால் ஒட்டாது. அந்த எல்லை தெரிவது நல்லதுதான். ஐந்தில் நாலு இயல்பாகப் பொருந்தினால் பெயரைத் தேர்வுப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதிரிச் சொற்கள் விரிந்து கொடுக்கும்? எவை பிறகு மாட்டிவிடும்?

செய்கிற இடத்தைச் சொல்லும் சொற்கள் நன்றாக விரியும்: மாடி, முற்றம், திண்ணை, கிணற்றடி. செய்கிற விதத்தைச் சொல்பவையும் அப்படித்தான். "கைப்பக்குவம்" என்றால் அதில் செடி, ஊறுகாய், மண்பானை, சோப்பு எல்லாம் அடங்கும். விளையும் பொருளின் பெயர்தான் சீக்கிரம் இறுகிப்போகும்: தக்காளி, ரோஜா, கீரை.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் துணைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை, ஆண்டு, "மட்டும்", "டிப்ஸ்", "தொடக்கநிலை", "வாடகை வீட்டு" ஆகியவை இன்றைய நிலைமையைப் பெயரில் பூட்டிவிடுகின்றன. வாடகை வீட்டில் தோட்டம் போடுகிறவர் சொந்த வீட்டுக்குப் போனதும் முதலில் தடுமாறுவது பெயரில்தான். தொழில்நுட்பச் சொல்லும் பழசாகும். தொழில்நுட்பக் கருவிகளை விமர்சிக்கும் அமெரிக்கர் மார்க்கஸ் பிரவுன்லியின் MKBHD சேனலின் கடைசி இரண்டு எழுத்து, எச்.டி. தரம் புதிதாக இருந்த காலத்தில் சேர்ந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள் முன்னால் இருப்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வெறும் "எச்.டி. விமர்சனம்" என்றிருந்தால் இன்றைக்கு அது எதையுமே குறிக்காது.

ஊர்ப்பெயர் தோட்டத்துக்கு ஓரளவு பயனுள்ளது, ஏனென்றால் சென்னை வெயிலுக்குச் சொல்லும் யோசனை ஊட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் அதை அறிமுக வரியில் போடுவதே என் பரிந்துரை. ஊர் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

என் சொந்தப் பெயரையே வைத்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லையே?

தலைப்பு விரிவதற்கு அதைவிட நல்ல பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே யோசியுங்கள். உங்கள் பெயர் பரவலான பெயராக இருந்தால் தேடலில் பத்தோடு பதினொன்றாகிவிடும். கணவரோ அக்காவோ பின்னால் சேர்ந்தால் அவர் முகம் வரும் வீடியோ உங்கள் பெயரில் போகும். வீட்டு மாடியைக் காட்டும் சேனலில் முழுப்பெயரும் இருந்தால், வீடு எங்கே என்பதை அறிமுகமில்லாதவர் கண்டுபிடிப்பது எளிதாகிவிடும். இந்த மூன்றாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரோடு ஒரு இடச்சொல்லைச் சேர்ப்பது நல்ல நடுவழி.

தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா?

சேனலின் பெயரைத் தமிழில் வையுங்கள், பக்கத்திலேயே ஆங்கில எழுத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாடி வெயில் Maadi Veyil. @ குறியோடு வரும் ஹேண்டிலையும் இணைய முகவரியையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

காரணம் நடைமுறை சார்ந்தது. யூடியூபில் தமிழ் எழுத்திலும் ஹேண்டில் வைக்கலாம். ஆனால் அந்த இணைப்பை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், பல செயலிகளில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். "ம" என்பது %E0%AE%AE என்று மாறும். கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவையும் தனித்தனிக் குறிகள்தான் என்பதால், "மாடிவெயில்" என்ற பெயர் பத்துக் குறி, அதாவது தொண்ணூறு எழுத்து நீளக் குப்பையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு இணைப்பு வந்தால் மோசடி என்று நினைத்துத் தொடவே மாட்டார்கள். தமிழில் டொமைன் வாங்கினாலும் இதே கதை. அது உள்ளே xn-- என்று தொடங்கும் வடிவத்தில்தான் பதிவாகிறது, சில இடங்களில் அப்படியே வெளியிலும் தெரியும்.

ஆகவே தமிழ்ப் பெயரைத் தேர்வு செய்யும்போதே அது ஆங்கில எழுத்தில் எப்படி விழும் என்று பார்த்தாக வேண்டும். ல, ள இரண்டும் l ஆகிவிடும். ழ வந்தால் ஒருவர் zh போடுவார், இன்னொருவர் l போடுவார். "தோட்டம்" thottam, tottam, thotam என்று மூன்று விதமாக வரும். "கொல்லைப்புறம்" என்ற அழகான பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் kollai என்று எழுதினால் அது கொல்லையா கொள்ளையா என்று யாருக்கும் தெரியாது. ஒற்று இரட்டிக்கும் "ப்பு" இருப்பதால் p ஒன்றா இரண்டா என்ற குழப்பம் வேறு. தமிழில் நிறைவான பெயர், முகவரியாக வைத்தால் தவறிப்போகும் பெயர்.

"மாடி வெயில்" இந்தச் சோதனையில் சுமாராகத் தேறுகிறது. வெயிலைப் பெரும்பாலோர் veyil என்றே எழுதுவார்கள். maadi, madi என்ற ஒரே ஒரு வேறுபாடுதான் மிச்சம். maadiveyil, madiveyil என்று டொமைனை இரண்டு வடிவத்திலும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது.

உறுதிசெய்ய ஒரு வழி: ஐந்து பேருக்குத் தொலைபேசியில் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், எழுத்தைச் சொல்லாதீர்கள். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து திரைப்பிடிப்பு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தில் மூன்று பேராவது ஒரே மாதிரி எழுதவில்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது. அம்மா வயதில் ஒருவரும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரும் அந்த ஐவரில் இருக்கட்டும். எழுத்துக்கூட்டுவதில் இரண்டு தலைமுறைக்கும் வித்தியாசம் உண்டு.

பெயர் காலியாக இருக்கிறதா என்று எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் யூடியூபிலும் கூகுளிலும் தமிழ் எழுத்தில் தேடுங்கள். பிறகு ஆங்கில எழுத்தின் எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். அதே பெயரில் சேனல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சொல்லை வேறு யார் ஏற்கனவே நிரப்பியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். "துளிர்" செடிக்கு அருமையான பெயர். ஆனால் அது தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் சிறுவர் அறிவியல் இதழின் பெயர். அந்தப் பெயரை வைத்தால் வாசகர்களையும் குழப்புவீர்கள், தேடலிலும் பின்னால்தான் நிற்பீர்கள்.

பேச்சுவழக்குப் பொருளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். "மேல்மாடி" இடச்சொல்தான், ஆனால் "மேல்மாடி காலி" என்று கேலி பேசுவதற்கென்றே நம் ஊரில் வைத்திருக்கும் சொல். பின்னூட்டங்களில் அந்த ஒரே நகைச்சுவை திரும்பத் திரும்ப வரும்.

அதன்பின் ஹேண்டில். யூடியூபில் 3 முதல் 30 எழுத்து வரை வைக்கலாம், ஒன்றை ஒருவருக்கு மட்டுமே தருவார்கள். maadiveyil கிடைக்கவில்லை என்றால் maadiveyil_007 என்று ஒட்டுப்போடாதீர்கள். வாயால் சொல்ல முடியாத ஹேண்டிலால் பயன் இல்லை. பெயரையே மாற்றுங்கள், அல்லது maadiveyiltamil என்பதுபோல் சொல்லக்கூடிய ஒரு சொல்லைச் சேருங்கள். இன்ஸ்டாகிராமிலும் அதே ஹேண்டிலை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். டொமைனையும் அதே நாளில் வாங்குங்கள், மறந்துபோகாமல் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள்.

"தக்காளி மாடி" என்று வைத்து ஓராண்டு ஆகிவிட்டது. இப்போது மாற்றினால் எல்லாம் போய்விடுமா?

யூடியூபில் போகாது. சந்தாதாரர்கள், பார்வைகள், வீடியோக்களின் முகவரிகள் எல்லாம் அப்படியே இருக்கும். பெயரை 14 நாளில் இரண்டு முறை மாற்றலாம், ஹேண்டிலுக்கும் அதே கணக்கு. பழைய ஹேண்டில் 14 நாள் உங்களுக்காகக் காத்திருக்கும், பிறகு வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய ஹேண்டிலை எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் திருத்த வேண்டும். ஒருபோதும் மாறாத முகவரி ஒன்று உண்டு: youtube.com/channel/ என்பதற்குப் பின் UC என்று தொடங்கும் அடையாள எண். வலைப்பூவிலும் விதைப் பொட்டல அட்டையில் அச்சிடும் கியூ.ஆர். குறியிலும் அதையே போடுங்கள். சரிபார்ப்புக் குறி வாங்கியிருந்தால், பெயரை மாற்றியதும் அது நீங்கிவிடும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

பார்ப்பவர்கள் பக்கம்தான் கவனம் தேவை. பெயர், வட்டப் படம், நிறம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், "இந்தச் சேனலுக்கு நான் எப்போது சந்தா போட்டேன்" என்று விலகுவார்கள். வட்டப் படத்தை அப்படியே விட்டுப் பெயரை மட்டும் முதலில் மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு அறிமுக வரியில் "முன்பு தக்காளி மாடி" என்று இருக்கட்டும். முதல் சில வீடியோக்களில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். படத்தைப் பிறகு மாற்றலாம். பெயரை மாற்றிய கையோடு புதுத் தலைப்பில் குதிக்காமல், முதல் இரண்டு மூன்று வீடியோக்களைத் தோட்டத்திலேயே போடுவது பாதுகாப்பு.

வலைப்பூவுக்கும் அதே மாதிரிதானா?

இல்லை, அங்கே உண்மையாகவே இழப்பு வரும். பிளாகரில் தலைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். blogspot.com முகவரியை மாற்றினால்தான் ஆபத்து: பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடாது, வெளியே கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். அதனால் அந்த முகவரியைத் தொடாமல், புதுப் பெயரில் சொந்த டொமைன் வாங்கி அதன்மேல் ஏற்றுங்கள். அப்போது பழைய blogspot இணைப்புகளைப் பிளாகரே புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். டொமைன் விற்றவரின் டி.என்.எஸ். பக்கத்தில் இந்த வரி வேண்டும்:

```
www   CNAME   ghs.google.com
```

இதோடு, பிளாகரின் அமைப்புகளில் காட்டும் இரண்டாவது சி-நேம் வரியையும் சேர்க்க வேண்டும். அது உங்கள் டொமைனுக்கென்றே உருவாக்கப்படுவது, இன்னொருவருடையதை நகலெடுத்தால் வேலை செய்யாது.

சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ் ஓடுகிறது என்றால், பழைய டொமைனின் .htaccess கோப்பில், வேர்ட்பிரஸ் வரிகளுக்கு மேலே, உங்கள் புதிய டொமைனை வைத்து நிரந்தரத் திருப்பல் எழுதுங்கள்:

```
RewriteEngine On
RewriteRule ^(.*)$ https://maadiveyil.example/$1 [R=301,L]
```

கடைசியில் உள்ள $1 முக்கியம். அது இருந்தால் "வெண்டை" பதிவைத் தேடி வந்தவர் புதிய இடத்திலும் அதே பதிவில் இறங்குவார். விட்டுவிட்டால் எல்லாரும் முகப்புப் பக்கத்தில் வந்து நிற்பார்கள், தேடல் பொறிகளும் பழைய பதிவுகளைக் காணாமல்போனவையாகக் கருதலாம். சரியா என்று பார்க்க, ஒரு பழைய பதிவின் முழு இணைப்பையும் திறந்து பாருங்கள், முகப்பை மட்டும் சோதிக்காதீர்கள். கூகுள் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தையும் தெரிவியுங்கள். பழைய டொமைனைக் குறைந்தது ஓராண்டாவது கைவிடாமல் புதுப்பித்து வைத்திருங்கள்.

பெயரை மாற்றாமல், சமையலுக்கென்று இன்னொரு சேனல் தொடங்கினால்?

இரண்டு தலைப்பையும் ஒரே ஆள் பார்ப்பாரா என்பதைப் பொறுத்தது. உங்கள் கீரையைப் பார்த்தவர் அந்தக் கீரையில் செய்த கடைசலையும் பார்ப்பார். அதற்குத் தனிச் சேனல் வேண்டாம், ஒரே சேனலில் இரண்டு பிளேலிஸ்ட் போதும். அதே ஆள் உங்கள் பங்குச்சந்தை வீடியோவைப் பார்க்கமாட்டார், அதற்குத் தனி வீடுதான் சரி. மொழி மாறினாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரே சேனலுக்குள் விரிவதற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்காவின் ஆண்ட்ரூ ரே. திரையில் வரும் உணவுகளைச் சமைத்துக் காட்ட 2016இல் "பிஞ்சிங் வித் பேபிஷ்" என்று தொடங்கினார். அடிப்படைச் சமையல் கற்றுத்தர நினைத்தபோது "பேசிக்ஸ் வித் பேபிஷ்" என்று முன்சொல்லை மட்டும் மாற்றித் தொடர் ஒன்றை அதே சேனலில் சேர்த்தார். 2020இல் மற்றவர்களின் நிகழ்ச்சிகளும் சேர்ந்தபோது சேனலின் பெயரே "பேபிஷ் குலினரி யுனிவர்ஸ்" ஆனது. பேபிஷ் என்ற சொல் மட்டும் எல்லா இடத்திலும் நிலையாக இருந்ததால் பார்ப்பவர்கள் தொலைந்துபோகவில்லை. நம் எடுத்துக்காட்டில் "மாடி" அந்த நிலையான சொல்லாக இருக்கலாம்: மாடிச் செடி, மாடிச் சமையல், மாடிப் பறவை. "தக்காளி மாடி" வைத்திருப்பவர்கூட "தக்காளி"யை மட்டும் கழற்றிவிட்டு "மாடி"யைப் பிடித்துக்கொள்ளலாம்.

பெயரை வேறு யாரும் எடுக்காதபடி பதிவு செய்ய வேண்டுமா?

வீடியோ மட்டும் போடும்வரை அவசரம் இல்லை. விதைப் பொட்டலம், உரம், பயிற்சி வகுப்பு என்று அதே பெயரில் விற்கத் தொடங்கும்போது வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது நல்லது. இந்தியாவில் தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பயிற்சி, பொழுதுபோக்கு வீடியோ 41ஆம் வகுப்பில் வரும், விதையும் செடியும் 31இல். விண்ணப்பிக்கும் முன் tmrsearch.ipindia.gov.in தளத்தில் அதே ஒலியுள்ள பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

வெறும் "மாடித்தோட்டம்" போன்ற பெயர்களுக்கு இங்கேயும் தடை உண்டு. பொருளை அப்படியே விவரிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் உரிமையாகத் தர 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. பக்கத்துத் தெருக்காரர் நாளைக்கே "மாடித்தோட்டம் தமிழ்" என்று தொடங்கினாலும் உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.